தவணைப் பணம் நேரே கலாசாலைக்கு

கல்விக் கட்டணம் எவர் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஆந்திர தேசத்தில் உயர் நீதிமன்றம்வரை சென்ற விவகாரம். மாநில அரசு மாணவர்களின் கட்டண உதவித் தொகையைத் தாய்மார்களின் கணக்கில் செலுத்த முற்பட்டபோது, அது தங்களை வந்தடைவதில்லை என்று கலாசாலைகள் வழக்குத் தொடுத்தன. பணத்தைக் கலாசாலைகளுக்கே அனுப்ப வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. வங்கிக் கடனிலோ இந்த ஐயத்துக்கு இடம் குறைவு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம், கூடியவரையில் தவணையை நேரே கலாசாலைக்கே அனுப்பும்படி கூறுகிறது. ஆயினும், முதல் தவணை வந்துவிட்டது, இனி மற்றவை தாமாகவே வரும் என்று நம்பியிருந்து, கட்டணத்தின் கடைசித் தேதி நெருங்கிய பிறகு கிளைக்கு ஓடுகிற குடும்பங்கள் பல. ஒவ்வொரு தவணையும், கேட்டால்தான் அசையும்.

சித்தூரில் கடன் பெற்றுத் திருப்பதியில் பொறியியல் பயிலும் ஒரு மாணவியை உதாரணமாகக் கொள்வோம். அவளுக்கு அனுமதியான கடன் 5 லட்சம் ரூபாய். ஒரு பருவத்தின் கட்டணம் 50,000 ரூபாய். மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் வரையுள்ள கடனுக்குக் கடன்தாரர் தம் கைப்பணம் போட வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால், உள்நாட்டுப் படிப்புக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு அவருடையது. அப்பங்கை முழுவதும் ஒரேயடியாகச் செலுத்த வேண்டுவதில்லை, தவணைதோறும் அந்தந்த அளவுக்குச் செலுத்தலாம். ஆகவே இந்தப் பருவத்துக்கு வங்கி அனுப்புவது 47,500, மாணவி கட்ட வேண்டியது 2,500. இந்தச் சிறு தொகையை மறந்துவிடுவதால்தான், வங்கி பணம் அனுப்பிய பின்னும் கலாசாலைக் கணக்கில் பாக்கி நிற்கிறது. நுழைவுச் சீட்டு தரும் வேளையில் அந்தப் பாக்கி தலைதூக்குகிறது.

மேலாளருக்கு எழுதும் விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் அடங்கலாம். கடன் கணக்கு எண், மாணவியின் பதிவு எண், எந்த ஆண்டு, எந்தப் பருவம், எவ்வளவு தொகை, கடைசித் தேதி என்ன என்பவற்றை எழுதி, அதன் கீழ் இப்படிச் சேர்க்க வேண்டும்: “மேற்படி ரூ. 47,500-ஐ என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்காமல் கலாசாலையின் கணக்குக்கு நேரே அனுப்பி, அனுப்பியதற்கான யூ.டி.ஆர். எண்ணைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.” கடனில் கூட்டாகக் கையொப்பமிட்ட தந்தையோ தாயோ இதிலும் கையொப்பமிடுவது நலம். கலாசாலை முத்திரையிட்டுத் தந்த கட்டணக் கோரிக்கைக் கடிதம், சென்ற பருவத்தின் மதிப்பெண் பட்டியல், முன் தவணைக்கான ரசீது ஆகிய மூன்றையும் இணைக்க வேண்டும். முன் தவணை கட்டணத்துக்கே செலவாயிற்று என்பதற்கு அத்தாட்சி அந்த ரசீதுதான். அது இல்லாவிடில் விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும்.

கலாசாலையின் கணக்கு எண்ணையும் ஐ.எப்.எஸ்.சி. குறியீட்டையும் பழைய தாளிலிருந்து பார்த்தெழுதுவது ஆபத்து. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சப்தகிரி கிராமீண வங்கி, 2025 மே 1 முதல் ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கியில் ஐக்கியமாகிவிட்டது. இவ்வாறு வங்கிகள் இணையும்போது குறியீடுகளும் மாறக்கூடுமாதலால், இவ்வாண்டுக் கோரிக்கைக் கடிதத்தில் அச்சிட்டிருப்பதையே பின்பற்ற வேண்டும்.

பணம் போய்ச் சேர்வதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பல மாணவர்களின் பணம் ஒரே கணக்கில் வந்து விழுகையில், பெயரற்ற 47,500 ரூபாய் எவருடையது என்று கலாசாலைக் கணக்கர் எவ்வாறு அறிவார்? ஆதலால் பதிவு எண்ணைக் குறிப்பில் சேர்க்கும்படி வங்கியிடம் சொல்வதோடு, யூ.டி.ஆர். எண்ணுடன் கணக்குப் பிரிவுக்குச் சென்று மாணவி பெயரில் ரசீது பெற்று, அதன் பிரதியைக் கிளையில் சேர்க்க வேண்டும். அரசின் கட்டண உதவியும் பின்னர் அதே பருவத்துக்கு வந்துவிட்டால், மிகுதியை ரொக்கமாகப் பெறாமல் கடன் கணக்குக்கே திருப்பும்படி கலாசாலைக்கு எழுதுவது முறை.

அலைச்சலுக்கு அஞ்சி இரண்டு பருவப் பணத்தையும் ஒன்றாகக் கேட்பாரும் உண்டு. கலாசாலை ஆண்டுக் கட்டணமாகவே கேட்டாலன்றி அதை நான் ஆதரிக்க மாட்டேன். படிக்கும் காலத்தில் விதிப்பது தனிவட்டியே எனினும், பணம் கிளையைவிட்டுப் புறப்பட்ட நாளிலிருந்தே அது ஏறத் தொடங்குகிறது. நூற்றுக்குப் பத்து வட்டியானால், 47,500 ரூபாயை ஆறு மாதம் முன்னதாக வாங்குவதற்கு விலை 2,375 ரூபாய். ஏறக்குறைய அவள் கைப்பங்குக்கு ஈடான தொகை.

கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொள்ள வேண்டும். பதிலில்லாவிடில் வங்கிக்கே எழுத்து மூலம் புகார் செய்து, முப்பது நாளிலும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகல்; விண்ணப்பத்தின் முத்திரையிட்ட நகலும் துணை நிற்கும்.