“பார்சல் போய்ச் சேர்ந்தது” என்று சொன்னால் வங்கிக்குப் போதாது

போன எபிசோடில் ஒன்லைன் பேமென்ட் பற்றிக் கதைத்தபோது சார்ஜ்பேக் என்ற சொல் ஒரு தடவை வந்துபோனது. “எங்கட அம்மாவும் இன்ஸ்டாகிராமில கேக் விக்கிறா, இப்பிடி வந்தா என்ன செய்யிறது?” என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

பெரியம்மா ஸ்காபரோவில் வீட்டு பேஸ்மென்டில் இருந்து சாரி விற்கிறார். வெப்சைட்டும் பேமென்ட்டும் நான் செட் பண்ணிக் கொடுத்தது. அதனால் ஏதாவது பிழைத்தால் கோல் எனக்குத்தான் வரும். ஒக்டோபர் 6ஆம் தேதி இரவு வந்த கோல் இது: “தம்பி, 413 டொலரை பாங்க் திருப்பி எடுத்துப்போட்டுது. மேல 20 டொலர் ஃபீஸும் வெட்டியிருக்கு. அந்தப் பிள்ளைக்குச் சாமான் போய்ச் சேர்ந்ததெல்லே?”

சார்ஜ்பேக் என்றால் வாடிக்கையாளர் கடையிடம் கேட்காமல், தன் கார்ட் கொடுத்த வங்கியிடம் “இந்தக் காசைத் திருப்பித் தா” என்று கேட்பது. வங்கி முதலில் காசை எடுத்துவிடும். பிறகுதான் கடைக்காரரின் பதிலைக் கேட்கும். எங்களுக்குத் தந்த கெடு 14 நாள். பதில் போடாவிட்டால் தோல்விதான்.

பெரியம்மா அன்றிரவே இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். எத்தனை வருடமாக நேர்மையாகக் கடை நடத்துகிறார், அந்தப் பெண்ணின் குடும்பத்தைக் கோயிலில் கண்டிருக்கிறார் என்றெல்லாம் இருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் வங்கி கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

வங்கி என்ன கேட்கிறது என்பதை ஒரு சின்ன எண் சொல்லிவிடும். எங்களுக்கு வந்தது விசாவின் `13.1`, அதாவது “சாமான் கிடைக்கவில்லை”. அதுவே `13.3` என்றால் “சொன்ன மாதிரி இல்லை, அல்லது பழுது” என்று அர்த்தம். பதில் எழுத முதல் இந்த எண்ணைப் பாருங்கள். `13.1`க்கு நிரூபிக்க வேண்டியது ஒன்றுதான்: சாமான் சரியான இடத்துக்குப் போய், அந்த ஆளின் கைக்குக் கிடைத்தது.

முதல் பாதி டெலிவரி ப்ரூஃப். பெரியம்மாவிடம் டிராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட் இருந்தது: செப்டெம்பர் 9, பிற்பகல் 2:47, டெலிவர்ட். ஆனால் அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருந்தது, வீட்டு முகவரி இல்லை. அதே ஊரில் எந்த வீட்டுக்குப் போனது என்று வங்கிக்கு எப்படித் தெரியும்? அதனால் மூன்று தாள்களைச் சேர்த்தோம். ஓர்டரில் அவர் கொடுத்த முகவரி, அதே முகவரியும் அதே டிராக்கிங் எண்ணும் உள்ள ஷிப்பிங் லேபிள், பிறகு டிராக்கிங் பக்கம். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் இடைவெளி இல்லை.

இன்னொன்றும் கைகொடுத்தது. ஓர்டர் போடும்போது, கொடுத்த முகவரியும் தபால் கோடும் கார்ட் வங்கியிடம் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பேமென்ட் சிஸ்டம் பார்க்கும். இதற்கு ஏ.வி.எஸ் என்று பெயர். எங்கள் ரெகோர்டில் `Y` என்று இருந்தது, இரண்டும் சரி என்பதற்கான அடையாளம். அப்படி ஒத்துப்போன முகவரிக்கே சாமான் போயிருந்தால், கையெழுத்து இல்லாவிட்டாலும் விசா அதை ஆதாரமாக எடுக்கும்.

ஆனாலும் வாசலில் வைத்த பார்சலை யாரும் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அந்த ஓட்டையை அடைத்தது இரண்டாவது பாதி, அவருடைய மெசேஜ்கள்.

செப்டெம்பர் 11இல் அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: “அக்கா, சாரி வந்திட்டுது. கலர் நல்ல வடிவு. பிளவுஸ் கைதான் இறுக்கம், மாத்தித் தருவீங்களா?” கிடைத்தது என்று அவரே சொல்கிறார். டெலிவரி ஆகி இரண்டாம் நாள்.

அடுத்த நாள் பெரியம்மாவின் பதில்: “ஓம் பிள்ளை, மாத்தித் தாறன். கோல் பண்றன்.” பிறகு கோல் பண்ணவே இல்லை. 20ஆம் தேதி “அக்கா?” என்று ஒரு மெசேஜ். 24ஆம் தேதி “அடுத்த கிழமை கல்யாணம் அக்கா, பிளவுஸ் இல்லாம என்ன செய்யிறது?” இரண்டுக்கும் பதில் இல்லை.

“அந்தக் கடைசி ரெண்டையும் வெட்டிப்போட்டு அனுப்பு” என்றார் பெரியம்மா. எனக்கும் கை கொஞ்சம் துருதுருத்தது. ஆனால் அதே சட் அந்தப் பெண்ணின் ஃபோனிலும் இருக்கிறது. வெட்டி அனுப்பியது தெரிந்தால் நல்ல ஆதாரத்தையும் நம்ப மாட்டார்கள். தவிர, அவருக்கு நடந்தது அநியாயம்தான். கேள்வி `13.1` என்பதால் முழு சட்டும் எங்களுக்குச் சாதகமாகவே இருந்தது. பிளவுஸ் இறுக்கம் என்று சொல்ல அதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டுமே. `13.3` என்று வந்திருந்தால் இதே மெசேஜ்கள் எங்களுக்கு எதிரான சாட்சி. அப்போது நான் சண்டை பிடிக்கவே சொல்லியிருக்க மாட்டேன்.

மெசேஜ் இணைக்கும்போது எங்களைப் போன்ற கடைகளுக்கு மூன்று சிக்கல் வரும். முதலாவது மொழி. தமிழில் இருப்பதை வங்கியில் வாசிக்க ஆள் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு போட்டோம், கூட்டாமல் குறைக்காமல். இரண்டாவது தேதி. வாட்ஸ்அப் சில நேரம் “நேற்று” என்று மட்டும் காட்டும். சட்டை எக்ஸ்போர்ட் பண்ணினால் ஒவ்வொரு மெசேஜுக்கும் முழுத் தேதியும் நேரமும் வரும். மூன்றாவது ஆள். சட்டில் உள்ள ஃபோன் எண்ணும் ஓர்டரில் உள்ள எண்ணும் ஒன்று என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது யாரோ ஒருவரின் மெசேஜ்.

கடைசியில் பெரியம்மாவின் இரண்டு பக்கம் இவ்வளவாகச் சுருங்கியது. அனுப்பியது ஆங்கிலத்தில், விஷயம் இதுதான்:

“சாமான் கிடைக்கவில்லை என்ற கோரிக்கைக்கு எங்கள் பதில். செப்டெம்பர் 3இல் ஓர்டர் வந்தது. முகவரிச் சோதனை `Y` (இணைப்பு 1). அதே முகவரிக்கு 5ஆம் தேதி அனுப்பி, 9ஆம் தேதி பிற்பகல் 2:47க்கு டெலிவரி ஆனது (இணைப்பு 2, 3). 11ஆம் தேதி, ஓர்டரில் உள்ள அதே ஃபோன் எண்ணில் இருந்து, சாரி கிடைத்தது என்று வாடிக்கையாளர் எழுதினார் (இணைப்பு 4, முழு உரையாடலும் மொழிபெயர்ப்பும்). பிளவுஸ் மாற்றித் தருவதில் தாமதம் எங்களுடையது. மாற்றித் தர இப்போதும் தயார்.”

எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப்பில் போட்டோம். லிங்க் கொடுத்தால் திறந்து பார்க்க மாட்டார்கள். எங்கள் பேமென்ட் நிறுவனத்தில் ஒரே ஒரு தடவைதான் அனுப்பலாம், பிறகு திருத்த முடியாது.

அனுப்ப முதல் நாள் பெரியம்மா அந்தப் பெண்ணுக்குக் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டார். “ஒருத்தரும் பதில் சொல்லேல்லை, ஆப்பில முதல்ல இருந்ததை அமத்திப்போட்டன். பாங்கோட கதைக்கிறன்” என்றார் அவர். பெரியம்மாவுக்குச் சந்தோஷம், “அப்ப விடு, அனுப்பத் தேவையில்லை” என்றார். இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள். வாடிக்கையாளர் வாயால் சொன்னாலும் கெடுவுக்குள் பதில் போகாவிட்டால் கேஸ் தோல்வி. சமாதானமாகிவிட்டது என்று ரீஃபண்ட் கொடுத்தாலும், வங்கி ஏற்கனவே எடுத்த காசை இரண்டாம் தரம் கொடுத்ததாகிவிடும். அதனால் சொன்னபடியே அனுப்பினோம்.

டிசெம்பர் நடுவில் 413 டொலர் திரும்பி வந்தது. 20 டொலர் ஃபீஸ் வரவில்லை. கல்யாணமும் முடிந்துவிட்டது. பெரியம்மா புது பிளவுஸ் தைத்துத் தன் செலவிலேயே அனுப்பினார், இந்த முறை கையெழுத்து வாங்கும் டெலிவரியில். போய்ச் சேர்ந்த அன்றே தானே கோல் எடுத்து, “கை சரியா இருக்கோ பிள்ளை?” என்று கேட்டார்.