பழைய காரோடு உங்கள் வீட்டு முகவரியையும் கொடுத்துவிடாதீர்கள்

நண்பர் ஒருவர் பழைய கார் வாங்கினார். திரையில் 'வீடு' என்பதைத் தொட்டதும், முந்தைய உரிமையாளரின் வீட்டு வாசல்வரை வழி சொன்னது. அந்த மனிதர் காரை விற்றபோது கையில் எடுத்துக்கொண்டது ஆர்.சி. புத்தக நகலை மட்டும்தான்.

அதே நிறுவனத்தின் அடுத்த காருக்கு மாறும்போது, "எல்லாம் தானாக வந்துவிடும்" என்று நினைத்துவிடுகிறோம். எது வரும், எது வராது என்பதற்கு பி.எம்.டபிள்யூ.வின் ஐ-டிரைவ் நல்ல உதாரணம். சில ஆண்டுகளுக்கு முந்தைய கார்களில் Settings, Profiles, Export profile என்று போனால், உங்கள் அமைப்புகளை யு.எஸ்.பி.யில் ஏற்றிக்கொள்ளலாம். ரேடியோ, ஒலி, சீட், ஸ்டீயரிங், பக்கக் கண்ணாடி ஆகியவற்றின் நிலைகள் அதில் அடக்கம். புதியவற்றில் இந்த வேலையை நிறுவனத்தில் உங்களுக்குள்ள கணக்கு வழியாகவே செய்துகொள்ளலாம்.

சிக்கல் நேவிகேஷனில்தான் இருக்கிறது. புரொஃபைலில் போவது வரைபடத்தின் தோற்றமும் வழித் தேர்வு முறையும். நீங்கள் சேமித்த முகவரிகளும் கூடவே வரும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தள்ளி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. ரேடியோ நிலையங்களையும் அப்படியே எடுங்கள்: சென்னையில் 93.5, 98.3, 106.4 என்று எண்ணாகவே இருந்தால் எந்தக் காரிலும் உடனே போட்டுவிடலாம்.

சீட் நிலை வேறு மாடலுக்குப் போனால் அப்படியே பொருந்தாது. செடானில் சரியாக இருந்தது எஸ்.யு.வி.யில் முழங்காலை இடிக்கலாம். பிரேக் மிதியிலிருந்து சீட்டின் முன்விளிம்பு எத்தனை சென்டிமீட்டர் என்று டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்வது என் பழக்கம். வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் புது சீட்டைச் சரிசெய்ய அந்த அளவிலிருந்து தொடங்கினால் போதும்.

வரிசை முக்கியம். முதலில் சேமியுங்கள், புதுக் காரில் ஏற்றி, உங்கள் நிலையங்கள் வந்தனவா என்று பாருங்கள். பிறகுதான் பழைய காரில் தனிப்பட்ட தரவை அழிக்கும் வசதியை இயக்க வேண்டும். அழித்து முடியும்வரை வண்டியை அணைக்காதீர்கள். முடிந்ததும் முகவரிப் பட்டியலைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். போனில் உள்ள கார் நிறுவனச் செயலியிலிருந்தும் அந்தக் காரை நீக்குங்கள். இல்லையென்றால் கார் நிற்கும் இடம் உங்கள் போனில் தெரிந்துகொண்டே இருக்கும். அது வாங்கியவருக்குச் செய்யும் துரோகம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனத்திடம் உள்ள உங்கள் தரவை அழிக்கக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதன் பிரிவுகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன. "நாங்களே அழித்துவிடுகிறோம்" என்று ஷோரூமில் சொன்னால் எழுத்தில் வாங்குங்கள். சேவையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சாவியைக் கொடுப்பதற்கு முன், 'வீடு' என்பதை ஒருமுறை நீங்களே தொட்டுப் பாருங்கள்.