உங்களுக்குத் தெரியுமா? படமே சொல்லும் தேயிலைத் தரம்

மளிகைக்கடையில் சில்லறையாக வாங்கும் தேயிலை எந்த ரகம் என்பதை ஒரு கைபேசிப் படமே சொல்லிவிடும். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகையை மெல்லியதாகப் பரப்பி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து படம் எடுங்கள். 2011 முதல் வந்த நாணயத்தின் குறுக்களவு சுமார் 22 மி.மீ.; அதுதான் அளவுகோல்.

உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் அது சி.டி.சி. தேயிலை. முறுக்கிய இழைகளாகத் தெரிந்தால் ஆர்த்தடாக்ஸ். சி.டி.சி.யில் ஒன்றரை மி.மீ. அளவுள்ள குருணை 'புரோக்கன் பெக்கோ', சுமார் அரை மி.மீ. அளவில் பொடியாக இருப்பது 'டஸ்ட்'. டீக்கடைப் பாய்லருக்கு ஏற்றது டஸ்ட்தான். பொடி என்பதால் சாறு சட்டென்று இறங்கும். இந்தத் தரப்பெயர்கள் சல்லடையில் பிரித்த அளவையே குறிக்கும், சுவையை அல்ல. செம்பழுப்பு நார்கள் நிறையத் தெரிந்தால் காம்பு கலந்திருக்கிறது என்று பொருள்.

காபிக்கொட்டையையும் இப்படிப் படம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதில் எண்ணெய் மினுமினுப்பை மட்டும் பார்த்து 'கறுக்க வறுத்தது' என்று முடிவு கட்டாதீர்கள். நடுத்தரமாக வறுத்த கொட்டையும் பல வாரம் கிடந்தால் எண்ணெய் கசியும். நடுக்கோட்டைப் பாருங்கள்: அங்குள்ள சவ்வு கொட்டையைவிட வெளிறியிருந்தால் இள அல்லது நடுத்தர வறுவல், அதுவும் கருத்திருந்தால் முதிர்ந்த வறுவல்.

படத்தில் தாள் மஞ்சளாகத் தெரிந்தால் நிறத்தை நம்ப வேண்டாம். சன்னலோரம் வைத்து மறுபடி எடுங்கள்.