கணவருக்கு எழுதிய முடி மாத்திரை மனைவிக்கு ஆகுமா?



ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவருக்கு வயது 34. நெற்றி ஏறி, உச்சியில் சொட்டை விழ ஆரம்பித்தது. டவுனில் தோல் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் பிரஷர் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, மினாக்ஸிடில் என்ற மாத்திரையை 2.5 மி.கி. அளவில் தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் உச்சியில் முடி கொஞ்சம் அடர்ந்தது.

மனைவிக்கு வயது 27. கைக்குழந்தைக்கு நாலு மாதம். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. "உங்களுக்கு வளர்ந்திருக்கே, எனக்கும் அதுல ஒண்ணு கொடுங்களேன்" என்றார். கணவரும் கொடுத்தார். நாலாம் நாள் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு வாரத்தில் கணுக்கால் வீங்கியது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தால்தான் நிம்மதி.

ஒரே மாத்திரை ஒருவருக்கு ஒத்துக் கொண்டது, இன்னொருவருக்கு ஏன் இப்படிச் செய்தது?

இது என்ன மாத்திரை?

மினாக்ஸிடில் முதலில் முடிக்காக வந்ததல்ல. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கடுமையான ரத்தக் கொதிப்புக்காக வந்தது. அமெரிக்காவில் 1979-ல் அதற்கு அனுமதி கிடைத்தது. அப்போது தினம் 10 முதல் 40 மி.கி. வரை கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர்ந்தது. அதைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்து வந்தது. இப்போது தோல் டாக்டர்கள் அதே மாத்திரையைச் சிறிய அளவில் முடி உதிர்வுக்குத் தருகிறார்கள். ஆண்களுக்கு 2.5 முதல் 5 மி.கி. வரை, பெண்களுக்குப் பெரும்பாலும் 1.25 மி.கி. அல்லது அதற்கும் குறைவு.

இந்த மருந்து சிறிய ரத்தக் குழாய்களை விரிக்கிறது. குழாய் விரிந்தால் அழுத்தம் இறங்கும். உடம்பு சும்மா இருக்குமா? அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த இருதயத்தை வேகமாக அடிக்க வைக்கும்; சிறுநீரகத்தில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும். படபடப்பும் கால் வீக்கமும் இப்படி வருவதுதான். சிறிய அளவில், நல்ல இருதயம் உள்ளவருக்கு இது பெரும்பாலும் தெரியாமலே போகும். இருதயத்தில் ஏற்கெனவே குறை இருந்தால் கதை வேறு.

அந்தத் தாய்க்கு நடந்தது என்ன?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம்மா?" ஆம். பத்து வயதில் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். ஓராண்டு போட்டு விட்டுவிட்டார்கள்.

அது ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி போய்விடும், ஆனால் இருதய வால்வில் தழும்பு விழுந்து, வருஷங்கள் கழித்து வால்வு சுருங்கலாம். சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் மெதுவாகத்தான் இறங்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே அதற்கு நேரம் வேண்டும். இருதயம் வேகமாக அடித்தால் அந்த நேரம் குறைகிறது. இறங்க முடியாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. போதாததற்கு உடம்பில் தண்ணீரும் கூடியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டியதற்குக் காரணம் இதுதான். மாத்திரையை நிறுத்தி, தலைமை மருத்துவமனைக்கு அனுப்பி எக்கோ பார்த்தார்கள். வால்வு சுருக்கம் தெரிந்தது.

இன்னொன்று. அந்தத் தாய்க்கு அந்த மாத்திரை தேவையே இல்லை. பிரசவமாகி இரண்டு முதல் நாலு மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது பல தாய்மாருக்கும் உண்டு. பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாக வளர்ந்து விடும்.

யாருக்கு யோசிக்கலாம்?

பரம்பரையாக ஆணுக்குச் சொட்டை, பெண்ணுக்கு வகிடு அகலுதல் என்று வரும் முடி உதிர்வு உள்ள பெரியவர்களுக்கு. குறிப்பாகத் தடவும் மருந்து ஒத்துக் கொள்ளாதவர்களுக்கு. ரத்த சோகையோ தைராய்டு கோளாறோ காரணமானால் அதைத்தான் முதலில் சரி செய்ய வேண்டும்.

பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம், பயப்பட வேண்டாம். முகத்திலும் கையிலும் பூனைமுடி வளர்வதுதான் அதிகம் காணும் தொல்லை. மாத்திரையை நிறுத்தினால் வளர்ந்த முடி சில மாதங்களில் மறுபடி உதிர்ந்து விடும்.

யாருக்குக் கூடாது?

இருதய வால்வு சுருக்கம், இருதய பலவீனம், மாரடைப்பு வந்தவர், நடந்தால் நெஞ்சு வலிப்பவர், இருதய உறையில் நீர் கோத்தவர் ஆகியோர் இதைத் தொடக் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் டாக்டர்கள் பொதுவாகத் தருவதில்லை. கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் கூடாது. மருந்து தாய்ப்பாலில் இறங்கும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், மூட்டு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுபவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்னதால் அழுத்தம் அதிகமாக இறங்கலாம். பின்னதால் உடம்பில் நீர் கூடலாம்.

அளவில் தவறு வேண்டாம்

மருந்துக் கடையில் இந்த மாத்திரை 2.5, 5, 10 மி.கி. என்று பல அளவில் இருக்கிறது. 2.5-க்குப் பதில் 10 வந்துவிட்டால் நாலு மடங்கு. அட்டையில் உள்ள எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். தலையில் தடவும் திரவத்தை ஒருபோதும் விழுங்கக் கூடாது. 5 சதவீத திரவம் ஒரு மில்லியில் 50 மி.கி. மருந்து இருக்கிறது! தவறி ஒரு மடக்குக் குடித்தாலும் ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குழந்தை கைக்கு மாத்திரையும் பாட்டிலும் எட்டக் கூடாது.

வீட்டில் என்ன பார்ப்பது?

மாத்திரை தொடங்கும் முன் ஒரு நாள் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் நாடி எண்ணுங்கள். எடையும் போட்டுக் குறித்து வையுங்கள். பிறகு வாரம் ஒரு முறை இரண்டையும் பாருங்கள்.

நாடி முன்னைவிட 20 கூடினாலோ, சில நாளில் எடை 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டல், மயக்கம் வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

கணவர் சீட்டு கணவருக்கு, மனைவி சீட்டு மனைவிக்கு. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று இன்றே ஒருவரை ஒருவர் கேட்டுக் கொள்ளுங்கள். வந்திருந்தால், முடி கொட்டினாலும் கொட்டாவிட்டாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை இருதயத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.