கமா போட்ட இடத்தில் கட்டம் உடையும்

ஹார்டுவேர் கடையின் சரக்குப் பட்டியலை நோட்பேடில் தட்டி, சிஎஸ்வி கோப்பாகச் சேமிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சரக்குக்கு ஒரு வரி. கமா வந்தால் அடுத்த கட்டம்.

```
எண்,பொருள்,விலை,குறிப்பு
101,பிவிசி பைப், 4" விட்டம்,850,நிழலில் வைக்கவும்
```

தலைப்பில் நான்கு கட்டங்கள். அடுத்த வரியில் ஐந்து. ‘பைப்’ என்ற சொல்லுக்குப் பின் படிக்க வசதியாக நாம் போட்ட கமாவை, எக்செல் கட்டத்தின் சுவராக எடுத்துக்கொள்ளும். விலைக்குரிய இடத்தில் ‘4" விட்டம்’ வந்து உட்கார, 850 குறிப்புக்குத் தள்ளப்படும். எச்சரிக்கை எதுவும் வராது என்பதுதான் ஆபத்து.

இதற்கான வழக்கத்தை 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் எழுதிவைத்திருக்கிறது. கமா, இரட்டை மேற்கோள்குறி, வரி முறிவு ஆகிய மூன்றில் எது உள்ளே இருந்தாலும், அந்தக் கட்டம் முழுவதையும் இரட்டை மேற்கோள்குறிக்குள் வைக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே மேற்கோள்குறி இருந்தால் அதை இரண்டாக எழுத வேண்டும். அங்குலத்தைக் காட்டும் `"` இப்படித்தான் `""` ஆகிறது.

```
101,"பிவிசி பைப், 4"" விட்டம்",850,"நிழலில் வைக்கவும்
வெயில் ஆகாது"
```

குறிப்பு இரண்டு வரியாக இருந்தாலும் இது ஒரே சரக்குதான். மேற்கோள்குறி மூடப்படும்வரை வரி முறிவும் கட்டத்துக்குள்ளேயே அடங்கும். அதனால் வரிகளை எண்ணிச் சரக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது.

கையால் எழுதும்போது வரிசை முக்கியம். முதலில் உள்ளிருக்கும் குறிகளை இரட்டியுங்கள். பிறகு வெளியே உறை போடுங்கள். மாற்றிச் செய்தால் உறையும் சேர்ந்து இரட்டித்துவிடும். கமாவுக்கும் திறக்கும் குறிக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். விட்டால் எக்செல் அதை உறையாக மதிக்காது. வேர்டில் தட்டி ஒட்டினால் வரும் வளைந்த குறிகளும் உறை ஆகா. நிரல் எழுதிப் பழகியவர்கள் போடும் `\"` இந்த வழக்கத்தில் இல்லை.

ஸ்கிரிப்டில் கட்டங்களைக் கமாவால் நாமே கோக்காமல், பைத்தானுடன் வரும் `csv` தொகுதியிடம் விட்டுவிடலாம்.

```python
import csv
row = [101, 'பிவிசி பைப், 4" விட்டம்', 850]
with open("stock.csv", "w", newline="",
          encoding="utf-8-sig") as f:
    csv.writer(f).writerow(row)
```

`newline=""` விடுபட்டால் விண்டோஸில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே வெற்று வரி முளைக்கும். `utf-8-sig` என்பது எக்செலில் தமிழ் எழுத்துகள் சிதையாமல் திறப்பதற்கு.

ஒரு குறியை மூட மறந்தால், அடுத்த குறி வரும்வரை உள்ள சரக்குகள் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும். கோப்பை அனுப்பும் முன் மொத்த இரட்டை மேற்கோள்குறிகளை எண்ணிப் பாருங்கள். ஒற்றைப்படை எண் வந்தால் எங்கோ பிழை உண்டு. இரட்டைப்படை வந்தாலும் ஒவ்வொரு சரக்குக்கும் நான்கு கட்டங்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.