பில் போடும் கணக்கும் கூட்டிப் பார்க்கும் கணக்கும்

மொத்த வியாபாரம் செய்யும் அன்பர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "பில் போட்டால் உடனே வருகிறது. ஐந்து வருடத்து விற்பனையைச் சரக்கு வாரியாகக் கேட்டால் மட்டும் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் கவுண்டரில் பில்லும் நகர மறுக்கிறது" என்பார்கள். உடனே பெரிய கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள். பணத்தை எடுத்து வைக்கும் முன், நம் கணக்கு டிஸ்க்கில் எந்த அடுக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

இரண்டு விதமாக எழுதலாம்

ஒரு பில்லில் ஒரு சரக்குக்கு ஒரு பதிவு. அதில் தேதி, பில் எண், வாங்குபவர் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், சரக்கு, மூட்டை, விலை, தொகை, லாரி எண் என்று பல விவரங்கள் இருக்கும். ஒரு பதிவின் எல்லா விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அதன் பின் அடுத்த பதிவை எழுதுவது வரிசை முறை. நம்முடைய பில் புத்தகம் இந்த விதம்தான். பில் போடும் சாப்ட்வேர்கள் பெரும்பாலும் இப்படியே எழுதுகின்றன.

மற்றது பத்தி முறை. எல்லாப் பதிவுகளின் தேதிகளும் ஓரிடத்தில், எல்லாச் சரக்குப் பெயர்களும் ஓரிடத்தில், எல்லாத் தொகைகளும் ஓரிடத்தில் என்று பத்தி பத்தியாகப் பிரித்து எழுதுவது. தேதிப் பத்தியில் நூறாவதாக இருப்பதும் தொகைப் பத்தியில் நூறாவதாக இருப்பதும் ஒரே பதிவைச் சேர்ந்தவை. அந்த இடக் கணக்கை வைத்துத்தான் மீண்டும் ஒன்று சேர்க்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நான்கு கிளைகள் உள்ள ஒரு மளிகை மொத்த வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில், அதாவது சுமார் 1,500 வேலை நாட்களில், 1 கோடி பதிவுகள். ஒரு பதிவுக்கு 300 பைட் என்றால் மொத்தம் 300 கோடி பைட். இப்போது முதலாளி கேட்கிறார்: ஐந்து வருடமாக மாதாமாதம் துவரம்பருப்பு எவ்வளவு தொகைக்குப் போயிற்று?

இதற்கு வேண்டியவை மூன்றே விவரங்கள்: தேதிக்கு 4 பைட், சரக்குக் குறியீட்டுக்கு 4, தொகைக்கு 8. ஆக 16 பைட். ஆனால் கம்ப்யூட்டர் டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் பொறுக்கி எடுக்காது. பக்கம் பக்கமாகத்தான் எடுக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் ஒரு பக்கம் 8,192 பைட். அதில் நம் பதிவுகள் ஏறத்தாழ 27 அடங்கும். தொகை மட்டும் வேண்டும் என்றாலும் முகவரியும் லாரி எண்ணும் சேர்ந்தே வரும். எனவே 300 கோடி பைட்டும் படிக்கப்படுகிறது. நொடிக்கு 15 கோடி பைட் படிக்கும் சாதாரண டிஸ்க்கில் இது 20 நொடி. போதாததற்கு, கவுண்டருக்கு வேண்டிய பக்கங்களை மெமரியிலிருந்து இந்தப் பழைய பக்கங்கள் வெளியே தள்ளிவிடுகின்றன. பில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பத்தி முறையில் மூன்று பத்திகளை மட்டும் படித்தால் போதும். 1 கோடி பதிவுக்கு 16 கோடி பைட்; ஒரு நொடி வேலை.

"சரக்குப் பெயருக்கு இன்டெக்ஸ் போட்டால் ஆகாதா?" என்று கேட்கலாம். எப்போதோ விற்கும் சரக்குக்கு ஆகும். துவரம்பருப்பு அப்படியல்ல. 25 பதிவுக்கு ஒரு தடவை வருகிறது என்றால் பெரும்பாலான பக்கங்களில் ஒன்றாவது இருக்கும். இன்டெக்ஸ் இடத்தைக் காட்டினாலும் அந்தப் பெரும்பாலான பக்கங்களையும் திறந்தே ஆக வேண்டும்.

சுருக்கி எழுதும் லாபம்

பத்தி முறையில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே இனம் ஒரே இடத்தில் இருப்பதால் சுருக்கி எழுதலாம். பதிவுகள் தேதி வரிசையில் இருந்தால் ஒரே தேதியை ஆயிரக்கணக்கான தடவை எழுத வேண்டியதில்லை. "இந்தத் தேதி, 6,600 தடவை" என்று ஒரு முறை எழுதினால் போதும். 1 கோடி தேதிகள் 1,500 குறிப்புகளாகிவிடும். சரக்குகள் 2,000 விதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 2 பைட்டில் ஓர் எண் போதும். தொகைப் பத்தி மட்டும் அதிகம் சுருங்காது. ஆக 16 கோடி பைட் சுமார் 10 கோடிக்கு இறங்கிவிடும். முழுக்கணக்கில் முப்பதில் ஒரு பங்கு. பதிவுகள் தேதி வரிசையின்றிக் கலைந்து கிடந்தால் தேதியில் இந்த லாபம் கிடைக்காது.

எங்கே உதவாது

இதைக் கேட்டுவிட்டு பில் போடுவதையே பத்தி முறைக்கு மாற்றினால் சிரமம்தான். ஒரு பதிவில் 25 விவரங்கள் இருந்தால், வரிசை முறையில் ஒரே இடத்தில் எழுதுவதைப் பத்தி முறையில் 25 இடங்களில் எழுத வேண்டும். ஒரு பழைய பில்லை முழுதாக எடுக்கவும் 25 இடங்களைத் தொட வேண்டும். சுருக்கி எழுதிய பத்தியில் ஒரு தொகையைத் திருத்தினால், அந்தப் பகுதியையே பிரித்து மீண்டும் எழுத நேரிடும். எனவே கவுண்டருக்கு வரிசை முறை, கூட்டிப் பார்ப்பதற்குப் பத்தி முறை என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே வழக்கம்.

இது புதிய சங்கதியும் அல்ல. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் 1990களிலேயே மோனெட்டிபி என்ற பத்தி முறை டேட்டாபேஸை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழுவினர் 2005இல் சி-ஸ்டோர் என்ற திட்டத்தை வெளியிட்டார்கள். அதே ஆம்ஸ்டர்டாம் கூடத்திலிருந்து 2019இல் வந்த டக்டிபி இலவசமானது. தனி சர்வர் வேண்டாம், சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். இரவில் கடை மூடியபின் அன்றைய பதிவுகளைப் பார்க்கே என்ற பத்தி முறைக் கோப்பில் நகல் எடுத்து வைத்தால், நம் கேள்வியை இப்படிக் கேட்கலாம்:

```sql
SELECT date_trunc('month', bill_date) AS m,
       sum(amount)
FROM 'sales.parquet'
WHERE item = 'TOOR DAL'
GROUP BY m ORDER BY m;
```

இதில் மூன்று பத்திகளின் பெயர்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். புரோகிராம் எழுதுபவர் பழக்கத்தில் `SELECT *` என்று எல்லாப் பத்திகளையும் இழுத்து வைத்தால் பத்தி முறையின் லாபம் போய்விடும்.

நகல் எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. போன மாத பில் ஒன்றை இன்று ரத்து செய்தால், "இன்றைய பதிவு" மட்டும் எடுக்கும் நகலில் அது வராமல் போகலாம். ஆகவே நகல் எடுத்தவுடன் மாதவாரியாகப் பதிவு எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் இரண்டு இடத்திலும் டேலி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். டேலி ஆகாத மாதத்தை முழுதாக மறுபடி எடுக்க வேண்டும்.

உங்கள் சாப்ட்வேர் எந்த முறை என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நீண்ட காலக் கணக்கில் தொகைப் பத்தி ஒன்றை மட்டும் கூட்டச் சொல்லி நேரம் பாருங்கள். பிறகு பத்துப் பத்திகளைக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் அது வரிசை முறை. ஒரு பத்திக்கு மிகக் குறைந்த நேரமும் பத்துக்குப் பல மடங்கும் ஆனால் அது பத்தி முறை. முதலில் சொன்ன விதமாக இருந்து, பில் தடையின்றிப் போகிறது, ரிப்போர்ட் மட்டும் தாமதம் என்றால், புதுக் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இரவு நகலை ஒரு மாதம் நடத்திப் பாருங்கள்.