இருக்கும் இடத்துக்கு ஏற்ற பட்டியல்

வங்கியில் டோக்கன் எண் 47 ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கையில் இருப்பது 58. எப்படியும் இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் ஏதாவது ஒரு வேலையை முடித்துவிடலாம் என்று, செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்த நோட்டைத் திறக்கிறீர்கள். மாடிக் குழாய் கசிவு, அப்பா கண் ஆபரேஷன், மளிகை, கல்லூரிக் கட்டணம், பீரோ சாவி என்று ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினெட்டு வரிகள். குழாயை இங்கிருந்து சரி செய்ய முடியாது. மளிகைக் கடை வேறு தெருவில் இருக்கிறது. பீரோ வீட்டில் இருக்கிறது. பதினெட்டையும் படித்துவிட்டு நோட்டை மூடிவிட்டு, போனில் வீடியோ பார்க்க ஆரம்பிக்கிறீர்கள்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பட்டியலை அடுக்கிய விதத்தில்தான் கோளாறு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யக்கூடியவை பதினெட்டில் இரண்டு இருந்திருக்கும். மற்ற பதினாறின் நடுவே அவை கண்ணில் படவில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் ஆலன் 2001இல் எழுதிய ‘கெட்டிங் திங்ஸ் டன்’ என்ற புத்தகம் இதற்கு ஒரு வழி சொன்னது. வேலைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்துவதற்கு முன்னால், அவற்றைச் செய்ய எந்த இடத்தில் இருக்க வேண்டும், என்ன கருவி வேண்டும், யார் எதிரில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பிரித்து வைப்பதுதான் அது. போன், கம்ப்யூட்டர், கடைத்தெரு, வீடு, அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல். ஓய்வு கிடைக்கும்போது எதைச் செய்வது என்று முடிவெடுக்க அவர் நான்கு கேள்விகளை வரிசையாக வைத்தார். இங்கே எதைச் செய்ய முடியும்? எவ்வளவு நேரம் இருக்கிறது? உடம்பிலும் மனசிலும் எவ்வளவு தெம்பு இருக்கிறது? மிச்சம் இருப்பவற்றில் எது முக்கியம்? முக்கியத்துவம் கடைசியில் வருவது வினோதமாகத் தெரியலாம். ஆனால் எவ்வளவு முக்கியமான வேலையாக இருந்தாலும், அதற்கான பொருள் கையில் இல்லாத இடத்தில் அது நகராது.

பட்டியலைப் பிரித்தால் மட்டும் போதாது. எழுதும் வரியும் மாற வேண்டும். ‘அப்பா கண் ஆபரேஷன்’ என்பதை எந்தப் பட்டியலில் போடுவீர்கள்? எதிலும் போட முடியாது. அது பல வேலைகளுக்கு வைத்த ஒரு தலைப்பு. அடுத்ததாகக் கையாலோ வாயாலோ செய்ய வேண்டிய காரியம் என்ன என்று கேட்டால்தான் அது பிரியும்.

பிரித்துப் பார்ப்போம். மருத்துவக் காப்பீட்டை அந்த ஆஸ்பத்திரியில் ஏற்றுக்கொள்வார்களா என்று தெரிய வேண்டும். ‘ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுன்ட்டரைக் கூப்பிட்டு, நம் பாலிசிக்கு கேஷ்லெஸ் உண்டா என்று கேட்க’ என்பது போன் பட்டியலுக்குப் போகிறது. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி நம்பரையும் பாலிசி நம்பரையும் எழுதிவிட வேண்டும். அப்பாவின் பழைய மருந்துச் சீட்டுகளை பீரோவிலிருந்து எடுப்பது வீட்டுப் பட்டியலுக்கு. பாலிசி ஆவணத்தை இறக்கி பிரின்ட் எடுப்பது கம்ப்யூட்டருக்கு. ஆபரேஷன் முடிந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வர ஓர் ஆள் வேண்டும் என்பதால், ‘எந்த வாரம் உன்னால் லீவு போட முடியும்?’ என்ற கேள்வி தம்பியின் பெயரில் உள்ள பக்கத்துக்கு. அடிக்கடி பேசும் ஆட்களுக்கு இப்படி ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டால், அவர் கூப்பிடும்போது நான்கு விஷயங்களை ஒரே பேச்சில் முடித்துவிடலாம்.

மருந்துச் சீட்டுகளை ஜெராக்ஸ் எடுக்கும் வேலையும் இருக்கிறது. அது கடைத்தெருப் பட்டியலில் இன்னும் ஏறக் கூடாது. சீட்டு பீரோவில் இருக்கும்வரை ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றாலும் பயனில்லை. சீட்டை எடுத்துப் பையில் வைத்த பிறகுதான் அந்த வரியை எழுத வேண்டும். இன்று செய்ய முடியாதவை பட்டியலில் கலந்தால், கண் அதை நம்புவதை விட்டுவிடும். ஆஸ்பத்திரிக்குப் பேசியபோது ‘கேட்டுச் சொல்கிறோம்’ என்றார்களா? அந்த வரியை அடித்துவிட்டு, ‘காத்திருப்பவை’ என்ற தனிப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள்.

இப்போது வங்கி நாற்காலிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், திறக்க வேண்டியது போன் பக்கம் ஒன்றுதான். அதில் ஆறேழு வரிகள் இருக்கும். நம்பரும் பக்கத்திலேயே இருக்கிறது. டோக்கன் வருவதற்குள் இரண்டு பேரிடம் பேசிவிடலாம்.

இருபது வருஷங்களுக்கும் மேலாகப் பழகிய இந்த முறையில் ஸ்மார்ட்போன் ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்தது. 2001இல் கம்ப்யூட்டர் மேஜையில் இருந்தது, போன் பேச மட்டும் பயன்பட்டது. இன்று பணம் கட்டுவது, மளிகை வரவழைப்பது, மெயில் அனுப்புவது எல்லாம் ஒரே கைக்கருவியில் நடக்கின்றன. அதனால் போன் பக்கம் மட்டும் வீங்கி, பழைய பதினெட்டு வரி நோட்டாகவே மாறிவிடும். அப்போது கருவியை விட்டுவிட்டு, அந்த வேலையை எது தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி கவுன்ட்டருக்குப் பேச அலுவலக நேரமாக இருக்க வேண்டும். பாலிசி நம்பரையும் அப்பாவின் நோயையும் நாலு பேர் நடுவில் உரக்கச் சொல்ல முடியாது. அதற்குத் தனி இடம் வேண்டும். கரன்ட் பில்லை கட்டைவிரலால் எங்கிருந்தும் கட்டலாம். ஐந்து பக்க விண்ணப்பத்துக்குப் பெரிய திரையும் கீபோர்டும் வேண்டும். ஆகவே ‘அலுவலக நேர அழைப்பு’, ‘தனியாகப் பேச’, ‘எங்கிருந்தும்’, ‘மேஜையில்’ என்று பிரிப்பது இன்றைக்குச் சரியாக வரும்.

எத்தனை பக்கம் வைத்துக்கொள்வது என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்த இடத்தில் செய்ய முடியாத வரிகள் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டால், அதை இரண்டாக்க வேண்டும். இரண்டு வரிக்கு மேல் சேராத பக்கத்தை இன்னொன்றோடு சேர்த்துவிடலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஐந்தாறு பக்கங்கள் போதும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு எல்லாக் கருவியும் ஒரே அறையில் இருப்பதால் இடத்தை வைத்துப் பிரிப்பதில் பயன் குறைவு. அவர் ‘மூளை தெளிவாக இருக்கும்போது’, ‘களைத்திருக்கும்போது’ என்று பிரித்துக்கொள்வது பலன் தரும்.

இந்தப் பக்கங்களில் ஏறக் கூடாதவையும் உண்டு. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி 15 என்றால், அதன் இடம் காலண்டர். இரண்டு மணி நேரம் ஊன்றி எழுத வேண்டிய அறிக்கையை வங்கி வரிசையிலும் பேருந்து நிறுத்தத்திலும் துண்டு துண்டாக முடிக்க முடியாது. அதற்குக் காலண்டரில் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். துண்டு நேரத்தில் சில்லறை வேலைகள் தீர்ந்தால்தான், ஒதுக்கி வைத்த அந்த இரண்டு மணி நேரம் முழுசாக மிஞ்சும்.

வாரம் ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் ஒருசேரப் படிக்க வேண்டும். முடிந்தவற்றை அடிக்கவும், சீட்டு கிடைத்ததால் ஜெராக்ஸ் வரியை ஏற்றவும், காத்திருப்பவற்றை நினைவூட்டவும் அரைமணி நேரமாவது தேவைப்படும். மூன்று வாரமாக ஒரே வரி அசையாமல் நிற்கிறதா? ‘பிளம்பர்’ என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். எந்தப் பிளம்பர் என்றே தெரியாது. யாரிடமாவது கேட்டுத்தான் நம்பர் வாங்க வேண்டும். ‘எதிர் வீட்டு அக்காவிடம் பிளம்பர் நம்பர் கேட்க’ என்று மாற்றி எழுதினால், அடுத்தமுறை அவரை வாசலில் பார்க்கும்போதே அந்த வேலை நகர்ந்துவிடும்.